ஓட்டோ கியர்ப்பெட்டியின் பழைய ஒயில்: இயந்திரத்தால் கழுவாமல் மூன்று தவணையில் மாற்றிய பதிவு

எங்கள் வீட்டில் நிற்பது 2003ஆம் ஆண்டு தயாரான ரொயோட்டா கொரோலா 121, ஓட்டோ கியர். 2021இல் அதை வாங்கியபோது அது மூன்றாவது கை மாறியிருந்தது. இந்த வேலையைத் தொடங்கிய நாளில் ஓட்டமானி 238,000 கிலோமீற்றரைக் காட்டியது. எஞ்சின் ஒயில் மாற்றிய சிட்டைகளை முன்னைய உரிமையாளர் ஒழுங்காக வைத்திருந்தார். கியர்ப்பெட்டி ஒயிலைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டும் இருக்கவில்லை. கேட்டபோது, "அதுக்கு ஒண்டும் செய்யத் தேவையில்லை எண்டு சொன்னவங்கள்" என்றார். எங்கள் பக்கத்தில் பழைய ஓட்டோ கியர் வாகனங்களில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் சந்தியால் திரும்பி, ஏ35 வீதியில் விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியாக வாரத்தில் நான்கு நாட்கள் முல்லைத்தீவுக்குப் போய் வருகிறேன். நீளமான, நேரான, வெயில் கொளுத்தும் அந்த வீதியில்தான் வாகனம் முதலில் முறையிடத் தொடங்கியது. மணிக்கு 60 முதல் 70 கிலோமீற்றர் வேகத்தில் அக்சிலரேட்டரை மெல்ல மிதித்துக்கொண்டு போகும்போது, வீதியின் குறுக்கே நெருக்கமாகக் கோடு போட்டதன் மேல் ஓடுவதுபோல ஒரு நடுக்கம் இரண்டு மூன்று விநாடிக்கு வந்து மறைந்தது. அதைவிட, காலையில் குளிர்ந்திருக்கும் வாகனத்தை ரிவர்ஸில் போட்டால் அது கியரைப் பிடிப்பதற்கு இரண்டரை விநாடி வரை எடுத்தது.

அந்த நடுக்கம் ஸ்பார்க் பிளக்கிலிருந்து வருகிறதா, கியர்ப்பெட்டியிலிருந்து வருகிறதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. நடுக்கம் வரும் அந்தக் கணத்தில் அக்சிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இடது காலால் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும், பின் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் அழுத்த வேண்டும். பின்னால் வாகனம் எதுவும் வராத இடத்தில்தான் இதைச் செய்யலாம். பிரேக் சுவிட்ச் வேலை செய்த உடனே, எஞ்சினின் சுழற்சியை ஒயில் மூலம் கியர்ப்பெட்டிக்குக் கடத்தும் டோர்க் கொன்வேர்ட்டருக்குள் எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் நேரடியாகப் பூட்டி வைத்திருக்கும் லொக்-அப் கிளச் விடுபட்டுவிடும். நடுக்கமும் அதே கணத்தில் நின்றால் குற்றம் அந்தக் கிளச்சின் பிடியில் இருக்கிறது; நிற்காமல் தொடர்ந்தால் எஞ்சின் பக்கம் தேட வேண்டும். என் வாகனத்தில் ஐந்து தடவை சோதித்தேன், ஐந்து தடவையும் நின்றது. இந்த வகை நடுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், ஒயிலில் உராய்வைச் சீராக்குவதற்காகச் சேர்க்கப்படும் பொருள் காலப்போக்கில் தேய்ந்து போவதே. அதாவது, ஒயில் மாற்றினால் சரிவரக்கூடிய சில குற்றங்களில் இதுவும் ஒன்று.

அடுத்ததாக ஒயிலைப் பார்த்தேன். டிப்ஸ்டிக்கை இழுத்து ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு, அரைமணி நேரம் காய விட்டேன். நிறம் கடும் கபிலம். ஆனால் தாளில் அது ஓரளவு தூரம் சீராகப் பரவியது, நடுவில் கரித்தூள் குவியவில்லை. மணத்துப் பார்த்தேன், கருகிய மணம் இல்லை. இந்த இரண்டும் எனக்கு நிறத்தைவிட முக்கியமானவை. ஓட்டோ கியர் ஒயில் வெப்பத்தால் நிறம் மாறுவது இயல்பு. கருகிய மணமும் விரல்களுக்கிடையே மணலாக உணரப்படும் தூளும்தான் கிளச் தட்டுகள் எரிந்ததற்கு அடையாளம். இன்னொன்றையும் தேடினேன். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வந்த வெள்ளம் முன்னைய உரிமையாளரின் முற்றத்துக்கும் வந்ததாகச் சொல்லியிருந்தார். கியர்ப்பெட்டிக்கு மேலே மூச்சு விடுவதற்கு ஒரு சிறு துவாரம் இருக்கிறது. வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்தால் அதனூடாகத் தண்ணீர் உள்ளே போய்விடும். தண்ணீர் கலந்த ஒயில் பால் விட்டதுபோல இளஞ்சிவப்பாகக் கலங்கியிருக்கும். என்னுடையதில் அப்படியொன்றும் இல்லை.

இந்த நிலையில்தான் கேள்வி வந்தது: ஒயில் மாற்றும் இயந்திரத்தில் கொடுத்து முழுவதையும் ஒரே நாளில் மாற்றுவதா, அல்லது அடியில் உள்ள நட்டைக் கழற்றி வருகிற அளவை வடித்து, அதே அளவை ஊற்றி, இதைச் சில தடவை திருப்பிச் செய்வதா?

எங்கள் ஊரில் இதற்கு உடனே வரும் பதில் ஒன்று இருக்கிறது. நான் வழக்கமாகப் போகும் கராஜில் அண்ணை அதை அப்படியே சொன்னார்: "தம்பி, ஓடி முடிஞ்ச கியர்ப்பெட்டியைக் கழுவாதையும். ஊத்தையிலதான் அது பிடிச்சுக்கொண்டு நிக்குது. கழுவினா அடுத்த கிழமை கியர் விழாது." என் மைத்துனரின் வானுக்கு அப்படித்தான் நடந்தது. ஓரிடத்தில் இயந்திரத்தால் கழுவி இரண்டு கிழமைக்குள் மூன்றாவது கியர் பிடிக்காமல் போனது. ஆனால் அவரிடம் ஆறுதலாக இருந்து விசாரித்தபோது, கழுவுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே அந்த வான் ஏற்றங்களில் வழுக்கிக்கொண்டிருந்தது என்பதும், அது வழுக்கியதால்தான் கழுவக் கொண்டுபோனார் என்பதும் தெரிய வந்தது. கிளச் தட்டின் உராய்வுப் படலம் தேய்ந்து உலோகத்துக்கு வந்த பிறகு எந்த ஒயிலும் அதைத் திருப்பிக் கொண்டுவராது. சாகக் கிடந்த கியர்ப்பெட்டிக்குக் கடைசியில் செய்த வேலையின் மேல் பழி விழுந்திருக்கிறது; "கழுவினால் போய்விடும்" என்ற பேச்சின் பெரும்பகுதி இப்படித்தான் உருவாகிறது என்பது என் எண்ணம்.

ஆனாலும் அண்ணையின் பேச்சை நான் முழுதாகத் தள்ளிவிடவில்லை. புது ஒயிலில் அழுக்கைக் கரைக்கும் பொருள் வீரியமாக இருக்கும். பல ஆண்டுகளாக உட்புறத்தில் படிந்திருந்த படலம் ஒரே நாளில் கழன்று வந்தால், கியர் மாற்றுவதற்கு ஒயிலைத் திருப்பிவிடும் வால்வ் பொடிக்குள் இருக்கும் மெல்லிய ஒயில் வழிகளில் அது போய் நிற்கக்கூடும். சிறிது சிறிதாக மாற்றினால் அழுக்கும் சிறிது சிறிதாகவே வரும். ஒவ்வொரு தடவையும் வடியும் ஒயிலோடு ஒரு பகுதி வெளியே போகும். அதைவிட, ஒவ்வொரு தவணைக்கும் இடையில் வாகனம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து, பிடிக்கவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம். இயந்திரத்தில் ஏற்றிய பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

இருந்தும் வவுனியாவில் இயந்திரம் வைத்திருக்கும் ஓரிடத்துக்குப் போய் நேரில் பார்த்தேன். கியர்ப்பெட்டியிலிருந்து ஒயில் குளிர்வதற்காக ரேடியேற்றருக்குப் போய்த் திரும்பும் குழாயைக் கழற்றி, நடுவில் அந்த இயந்திரத்தை இணைக்கிறார்கள். எஞ்சின் ஓடும்போது கியர்ப்பெட்டியின் சொந்தப் பம்ப் பழைய ஒயிலை வெளியே தள்ள, இயந்திரம் அதே அளவு புது ஒயிலை மறுபக்கத்தால் கொடுக்கிறது. முறை நல்ல முறைதான். அது டோர்க் கொன்வேர்ட்டருக்குள் நிற்கும் ஒயிலையும் வெளியே கொண்டுவருகிறது. என்னைத் தயங்க வைத்தவை வேறு. இயந்திரத்தின் தொட்டியில் "எல்லா வாகனத்துக்கும் போகும்" என்று ஒரு பொது ஒயில் இருந்தது. என் வாகனத்தின் கைநூல் கேட்பது டைப் டி-4 என்ற வகை ஒயிலை. அந்த ஒயிலை நான் வாங்கிக் கொடுத்தாலும், எனக்கு முன்னால் வந்த வாகனத்தின் ஒயில் இயந்திரத்தின் குழாய்களுக்குள் எவ்வளவு நிற்கும் என்று கேட்டபோது அங்கிருந்தவருக்குப் பதில் தெரியவில்லை. அத்தோடு, கியர்ப்பெட்டியின் அடியில் ஒயில் தேங்கும் தட்டை, அதாவது 'பான்' என்பதை, அவர்கள் கழற்றுவதில்லை. பானுக்குள் இருக்கும், இரும்புத்தூளைப் பிடிக்கும் காந்தங்களையும் ஒயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரையும் பார்க்காமல் ஒயிலை மட்டும் மாற்றினால், இந்தக் கியர்ப்பெட்டி எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விக்கு எனக்கு விடை கிடைக்காது.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கியர்ப்பெட்டி முழுவதும் கொள்ளும் ஒயிலை 7 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நட்டைக் கழற்றினால் வருவது ஏறத்தாழ 3 லீற்றர். மிகுதி டோர்க் கொன்வேர்ட்டரிலும், வால்வ் பொடியிலும், குழாய்களிலும் நிற்கும். முதல் தடவைக்குப் பின் பழையது நூற்றுக்கு 57 பங்கு இருக்கும். இரண்டாம் தடவை வடிப்பது கலந்த ஒயில் என்பதால் வடியும் 3 லீற்றரிலும் ஒரு பகுதி புதியதே. பழையது 33க்கு இறங்கும். மூன்றாவதில் 19, நான்காவதில் 11. ஒவ்வொரு தடவையும் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகிறது. நான்கு தடவைக்கு 12 லீற்றர் செலவாகும். இயந்திரத்தில் நிறம் தெளியும் வரை விடுவதற்கும் 10 முதல் 12 லீற்றர் வேண்டும் என்றுதான் அங்கே சொன்னார்கள். ஆகவே வடித்து ஊற்றுவது சிக்கனம் என்பதற்காக நான் அதைத் தெரிவு செய்யவில்லை. எனக்கு வேண்டியது 100க்கு 100 புது ஒயில் அல்ல. தேய்ந்த சேர்மானங்கள் வேலை செய்யும் அளவுக்குத் திரும்புவதற்கு 80 பங்கு போதும் என்று முடிவு செய்தேன். அதற்கு மூன்று தவணை.

முதல் தவணையை ஒரு சனிக்கிழமை மாலையில் செய்தேன். வாகனத்தைப் பத்து கிலோமீற்றர் ஓடிச் சூடாக்கி, சமமான சீமெந்துத் தரையில் நிறுத்தி, முதலில் இருந்த மட்டத்தை அளந்தேன். இதை விட்டுவிட்டு வடிக்கத் தொடங்குபவர்கள் அதிகம். ஏற்கெனவே ஒயில் குறைவாக இருந்தால், வடிந்த அளவையே திருப்பி ஊற்றும்போது அந்தக் குறையும் அப்படியே தொடரும். என்னுடையதில் மட்டம் சரியாக இருந்தது. பின் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, முன்பக்கத்தை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, பின் சில்லுகளுக்குக் கல் வைத்து, பானின் அடியில் உள்ள நட்டைக் கழற்றினேன். எஞ்சின் ஒயில் நட்டும் பக்கத்திலேயே இருக்கிறது; மாறிக் கழற்றினால் எஞ்சினில் ஒயில் இல்லாமலும் கியர்ப்பெட்டியில் இரட்டிப்பாகவும் நிற்கும் நிலை வரும் என்பதால், கழற்றுவதற்கு முன் சோக்கட்டியால் ஓர் அடையாளம் போட்டேன். வடிந்த ஒயிலை மூடி வைத்து, மறுநாள் காலையில், புது ஒயிலும் பழையதும் ஒரே சூட்டில் இருக்கும்போது, ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களில் ஊற்றி அளந்தேன். சரியாக மூன்று போத்தல்.

நட்டுக்குப் புது வாசர் போட்டுப் பூட்டிய பின், டிப்ஸ்டிக் போகும் அதே குழாயால், வாய் ஒடுங்கிய நீண்ட புனலை வைத்து மூன்று லீற்றரையும் மெதுவாக ஊற்றினேன். அந்தக் குழாய் ஒடுக்கம். அவசரப்பட்டால் ஒயில் திரும்பி வெளியே வழியும். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி நெம்பை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி, திரும்பவும் பார்க்கிங்கில் வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மட்டம் பார்த்தேன். இறுதி மட்டத்தை 15 கிலோமீற்றர் ஓடி வந்த பின்னரே எடுத்தேன். டிப்ஸ்டிக்கில் சூட்டுக்கென்று இருக்கும் 'ஹொட்' கோடுகள் ஒயில் 70 முதல் 80 பாகை செல்சியஸில் இருக்கும்போது பார்ப்பதற்காகப் போடப்பட்டவை.

அடுத்த 600 கிலோமீற்றரில் நடுக்கம் அரிதானது, ஆனால் போகவில்லை. வழுக்கல் எதுவும் புதிதாக வரவில்லை. இரண்டாம் தவணைக்கு வவுனியாவில் பான் கஸ்கட்டும் ஸ்ட்ரெய்னரும் வாங்கி வந்து, பானையே இறக்கினேன். எனக்கு இந்த வேலையில் மிக முக்கியமான நேரம் அதுதான். பானின் அடியில் ஒட்டியிருந்த காந்தங்கள் ஒவ்வொன்றிலும், குழைத்த திருநீறுபோல, மென்மையான சாம்பல் நிறப் பசை அரை அங்குல உயரத்துக்குப் படிந்திருந்தது. அதைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் எடுத்துத் தேய்த்தேன். கண்மை தேய்ப்பதுபோல வழவழப்பாக இருந்தது. ஊசியும் இல்லை, செதிலும் இல்லை. இந்தப் பசை எஃகுப் பகுதிகளின் இயல்பான தேய்மானம். 238,000 கிலோமீற்றருக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். நகத்தில் தட்டுப்படும் ஊசித் துண்டுகளோ, பொன் நிறச் செதில்களோ, கருந்தூள் அடர்ந்த படிவோ கிடைத்திருந்தால், அங்கேயே வேலையை நிறுத்தி, ஒயிலுக்குச் செலவழிப்பதை விட்டுப் பெட்டியைத் திறப்பதைப் பற்றி யோசித்திருப்பேன். பானைக் கழுவித் துடைத்தபோது நூல் விடும் துணியைப் பாவிக்கவில்லை. அந்த நூல்தான் அடுத்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும். பானின் சிறிய போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, சிறிது சிறிதாக இறுக்கினேன். அவை அலுமினியத்துக்குள் போவதால் பலம் காட்டினால் புரி கழன்றுவிடும்.

ஒரு பிழையும் விட்டேன். அன்று மழை இருட்டிக்கொண்டு வந்ததால், சூடாக வடிந்த 3.4 லீற்றரை ஆறவிடாமல் அப்படியே அளந்து, புதிதாகவும் 3.4 லீற்றர் ஊற்றினேன். ஓடி வந்து பார்த்தால் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. சூட்டில் ஒயில் விரிகிறது; 40, 50 பாகை வித்தியாசத்தில் மூன்று லீற்றருக்கு நூறு மில்லிலீற்றருக்கு மேல் கூடிக் காட்டும். இதை அறிந்திருந்தும் அவசரத்தில் மறந்தேன். மட்டம் கூடினால் சுழலும் பற்சில்லுகள் ஒயிலை அடித்து நுரைக்கச் செய்யும். நுரைத்த ஒயிலால் அழுத்தம் தர முடியாது, அதனால் கிளச் வழுக்கும். குறைந்தாலும் பம்ப் காற்றை இழுத்து அதே நிலைதான். அன்றிரவே டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு, பெரிய சிரிஞ்சால் 120 மில்லிலீற்றரை உறிஞ்சி எடுத்த பின் மட்டம் கோட்டுக்குள் வந்தது. இயந்திரத்தால் மாற்றிய பின் பழுதான வாகனங்களில் ஒரு பகுதி, கழுவியதால் அல்லாமல், கடைசி மட்டத்தைச் சூட்டில் பார்க்காமல் அனுப்பியதால் பழுதாகியிருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டாம் தவணைக்குப் பிறகு நடுக்கம் முற்றாக நின்றது. மேலும் 800 கிலோமீற்றர் ஓடி, மூன்றாம் தவணையில் மறுபடி மூன்று லீற்றர் வடித்து ஊற்றினேன். பான் இறக்கிய தடவையின் கூடுதல் அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால், பழைய ஒயில் இப்போது நூற்றுக்கு 17, 18 பங்குதான். மூன்று தடவை வடித்ததிலிருந்தும் ஒவ்வொரு போத்தலை எடுத்துக் கிணற்றுக்கட்டில் வரிசையாக வைத்து வெயிலில் பார்த்தேன்: முதலாவது கோப்பியின் நிறம், இரண்டாவது பால் விடாத சாயத் தேத்தண்ணி, மூன்றாவதில் சிவப்பு தெளிவாகத் தெரிந்தது. நான்காம் தவணைக்கு எடுத்து வைத்த ஒயிலை மூடியைத் திறக்காமல் வைத்துவிட்டேன். வடித்த ஒயில் முழுவதையும் அண்ணையின் கராஜில் சேகரிக்கும் பீப்பாவில் ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் எங்கள் காணிகளில் அதை நிலத்தில் ஊற்றவே கூடாது.

காலையில் ரிவர்ஸ் பிடிக்கும் தாமதம் மட்டும் முழுதாகப் போகவில்லை. இரண்டரை விநாடி, ஒன்றரைக்கு வந்து அங்கேயே நிற்கிறது. இது உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் இறுகிப்போனதால், இரவில் அழுத்தம் இறங்கி, காலையில் திரும்ப ஏறுவதற்கு எடுக்கும் நேரம் என்று நினைக்கிறேன். புது ஒயில் இறுகிய ரப்பரைத் திரும்ப மென்மையாக்காது. பெட்டியைத் திறக்கும்வரை அது அப்படித்தான் இருக்கும். அதற்காக இப்போது திறக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

இயந்திரத்தையே தேடிப் போக வேண்டிய வாகனங்களும் உண்டு. ரேடியேற்றருக்குள் இருக்கும் குளிர்விப்பான் வெடித்தோ, வெள்ளத்தாலோ தண்ணீர் கலந்திருந்தால், 57, 33, 19 என்று இறங்கும் கணக்குக்குக் காத்திருக்க நேரமில்லை. கிளச் தட்டில் உராய்வுப் படலத்தை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் பிரித்துவிடும். அப்படியான வாகனத்தை ஓட்டியே கொண்டுபோகாமல், இழுத்துக்கொண்டுபோய் முழுவதையும் மாற்ற வேண்டும். யாரோ பிழையான ஒயிலை ஊற்றிவிட்டாலும் அப்படித்தான். 40,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒழுங்காக மாற்றி வந்த, வழுக்காத வாகனத்துக்கும், சரியான ஒயிலைப் பாவித்து, கடைசி மட்டத்தைச் சூட்டில் பார்க்கும் ஓரிடம் கிடைத்தால், இயந்திரத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

மூன்றாம் தவணை முடிந்து 5,000 கிலோமீற்றர் ஓடிவிட்டேன். சென்ற கிழமை ஐந்து பேரும் ஒரு மூடை அரிசியுமாக மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போனபோது, 65இல் வேண்டுமென்றே அக்சிலரேட்டரை மெல்லப் பிடித்துக்கொண்டு நெடுந்தூரம் பார்த்தேன். ஒரு தடவையும் நடுங்கவில்லை. திறக்காத அந்த மூன்று லீற்றரை 260,000இல் ஊற்றுவதாகக் கதவின் உட்புறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.